இட்லி மாவு வீடியோ: ஊரில் இருப்பவர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று போதுமா?

நெல்லை அடுக்களை

எல்லோருக்கும் வணக்கம். நான் தமிழில் ஒரு சமையல் சேனல் நடத்துகிறேன். பெரும்பாலும் திருநெல்வேலி வீட்டுச் சமையல்தான். பார்ப்பவர்களில் பாதிப்பேர் தமிழ்நாடு. மீதிப்பேர் கனடா, லண்டன், வளைகுடா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா என்று பரவிக் கிடக்கிறார்கள்.

சேனலில் அதிகம் கேள்வி வருவது இட்லி மாவு வீடியோவுக்குத்தான். மதுரையில் இருந்து ஒருவர், "ராத்திரி வச்சேன், பாத்திரத்தை விட்டு வழிஞ்சிடுச்சு" என்று எழுதுகிறார். அதற்கு அடுத்த கமெண்டே கனடாவில் இருந்து, "ரெண்டு நாள் ஆச்சு, மாவு அப்படியே இருக்கு". இருவரும் பார்த்தது ஒரே வீடியோ, எடுத்தது ஒரே அளவு.

அந்த வீடியோவைப் புதிதாக எடுக்கப் போகிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு என்று தனி வீடியோ போடலாமா, ஒரே வீடியோவில் எல்லாவற்றையும் சொல்லலாமா? ஒன்றிலேயே சொன்னால் நீளமாகி, ஊரில் இருப்பவர்கள் பாதியில் போய்விடுவார்களோ என்று யோசனையாக இருக்கிறது. சேனல் நடத்துபவர்களும் பார்ப்பவர்களும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

எடிட்டிங் மேசை

தனித்தனியாகவே போடுங்க அக்கா. தலைப்பிலேயே "வெளிநாட்டுத் தமிழர்களுக்கு" என்று இருந்தால் அவர்கள் தேடி வருவார்கள். நான் இரண்டு சமையல் சேனலுக்கு எடிட் செய்கிறேன். பத்து நிமிட வீடியோவில் நான்கு நிமிடம் தனக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்றால் ஆள் நிற்கமாட்டார்.

வெளியிடும் நேரத்தையும் பாருங்கள். நம்ம ஊரில் இரவு 7 மணிக்குப் போட்டால் சிங்கப்பூரில் 9.30, டொராண்டோவில் குளிர்காலத்தில் காலை 8.30. சிட்னியில் அவர்களுடைய கோடைக்காலத்தில் நள்ளிரவு தாண்டி 12.30 ஆகியிருக்கும்.

கல்லுரல்

நான் கேட்டரிங் மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பவன். தம்பி சொல்லும் தலைப்பு யோசனையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊர், வெளிநாடு என்று பிரித்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. மாவுக்கு நாடு தெரியாது, அது இருக்கும் சமையலறையின் சூடுதான் தெரியும்.

மாவைப் பொங்க வைப்பது உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். 28 முதல் 32 டிகிரி வரை அவை நன்றாக வேலை செய்யும். அந்தச் சூட்டில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் மாவு எழும்பிவிடும். மே மாதச் சென்னையில் ஆறு மணி நேரமே போதும். 20 டிகிரி இருக்கும் அடுக்களையில் பதினெட்டு மணி நேரம் ஆகலாம், ஒரு நாள் முழுக்கவும் ஆகலாம். ஆகவே "ராத்திரி அரைச்சு வச்சா காலையில் பொங்கிடும்" என்ற வரி புது வீடியோவில் வேண்டாம். நேரத்தைச் சொல்லாமல் அடையாளத்தைக் காட்டுங்கள். பாத்திரத்தின் வெளியே மாவு மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். மாவு அதைத் தாண்டி ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஏறி, ஓரத்தில் கரண்டி விட்டால் உள்ளே வலைபோல ஓட்டைகள் தெரிந்தால் தயார். இது மதுரைக்கும் பொருந்தும், மான்ட்ரியலுக்கும் பொருந்தும்.

இன்னொன்று. "பொங்கலை" என்று கமெண்டில் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பிரச்சினை இருக்காது. சிலருக்கு மாவு புளித்திருக்கும், ஆனால் எழும்பியிருக்காது. அவர்களிடம் "சூடான இடத்தில் வையுங்க" என்றால் இன்னும் புளிக்குமே தவிர எழும்பாது. புளிப்பு வாசனை வந்துவிட்டது என்றால் பாக்டீரியா வேலை செய்து வாயுவும் வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வாயுவைப் பிடித்து வைக்க வேண்டியது உளுந்து. உளுந்து சரியாக அரைபடாமல் இருந்தாலோ, பழைய உளுந்தாக இருந்தாலோ, மாவு தண்ணீராகப் போயிருந்தாலோ வாயு வெளியே போய்விடும்.

இதை வீடியோவில் பத்து விநாடியில் காட்டலாம். உளுந்து அரைத்ததும் ஒரு துளி மாவை ஒரு கிண்ணம் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் சரி. மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும், அரைத்தும் மூழ்கினால் உளுந்தில் கோளாறு.

டொராண்டோ குளிர்

அந்தக் கனடா கமெண்ட் நான் போட்டதாகக்கூட இருக்கலாம் அக்கா. எல்லா வீடியோவிலும் "ஓவன் லைட்டைப் போட்டு உள்ளே வையுங்க" என்கிறார்கள். பழைய வீட்டில் அப்படித்தான் வைப்பேன், ஜனவரியில்கூட அழகாகப் பொங்கும். புது வீட்டுக்கு வந்ததில் இருந்து பொங்கவில்லை. அரிசி மாற்றினேன், உளுந்து மாற்றினேன், பிறகுதான் ஓவனுக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். வெளியே என்ன சூடோ உள்ளேயும் அதேதான். பழைய ஓவனில் இருந்தது குண்டு பல்பு. புதியதில் எல்.இ.டி. விளக்கு, அது சூடே தராது.

தயவுசெய்து புது வீடியோவில் இதைச் சொல்லுங்கள். இங்கே வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு எந்த விளக்கு என்று தெரியவே தெரியாது. விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னாலே போதும்.

இன்ஸ்டன்ட் பாட் வைத்திருப்பவர்களும் இங்கே நிறைய. தயிர் மோடில் வைக்கிறார்கள். அது சரியா?

கல்லுரல்

தயிர் மோடின் வழக்கமான நிலை 40 டிகிரியை ஒட்டி இருக்கும். அது தயிருக்குச் சரி, மாவுக்கு அதிகம். சீக்கிரம் புளித்துவிடும், ஓரமாக இருக்கும் மாவு காய்ந்து போகும். அதே மோடில் சூட்டைக் குறைக்கும் வசதி இருந்தால் குறைந்த நிலையில் வைக்கச் சொல்லுங்கள். பூட்டும் மூடியைப் போட வேண்டாம். மாவு எழும்பி மூடியில் ஒட்டினால் திறக்கவே கஷ்டம். சாதாரணக் கண்ணாடி மூடியோ ஒரு தட்டோ போதும்.

ஊட்டி மலை

கல்லுரல் ஐயா சொன்னது நூறு சதவீதம் உண்மை. நான் தமிழ்நாட்டில்தான் இருக்கேன், ஆனா டிசம்பர் மாசம் எங்க வீட்டு மாவு லண்டன் மாவு மாதிரிதான். "வெளிநாட்டுத் தமிழர்களுக்கு"ன்னு தலைப்பு வச்சா நாங்க அந்தப் பக்கமே வரமாட்டோம், எங்களுக்கு வேண்டியது அதுலதான் இருக்கும். "குளிர் இடங்களில்"னு வைங்க. கொடைக்கானல், குன்னூர்க்காரங்களும் பார்ப்பாங்க.

நாங்க செய்யறது இதுதான். அரிசி ஊறின தண்ணியைக் கொட்டிட்டு, அரைக்கிறதுக்கு வெதுவெதுப்பான தண்ணி. பாத்திரத்தைக் கம்பளியில சுத்தி, வெந்நீர் ஊத்தின அண்டா பக்கத்துல வைப்போம். அண்டாத் தண்ணியைப் படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை மாத்துவோம்.

மஸ்கட் சமையல்

சகோதரி, முக்கியக் காரணத்தை யாரும் சொல்லவில்லை. அயோடின் உப்பு. அயோடின் கிருமிநாசினி. அது மாவில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். வெளிநாட்டில் பல இடங்களில் கிடைப்பது அயோடின் உப்புதான், அதனால்தான் பொங்கவில்லை. நான் கல் உப்புக்கு மாறினேன், மாவு பொங்கியது. உப்பு போட்டதும் கையால் கலக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கல்லுரல்

உப்பு விஷயத்தில் பாதி சரி. உப்பு எதுவாக இருந்தாலும் புளிப்பதைக் கொஞ்சம் மெதுவாக்கும். அதனால்தான் வெயில் காலத்தில் அரைத்ததுமே உப்புப் போடுவதும், குளிரில் பொங்கிய பிறகு போடுவதும் வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் சமையல் உப்பில் இருக்கும் அயோடின் மிகமிகச் சிறிய அளவு. மாவு நின்றுபோகும் அளவுக்கு அது வேலை செய்யாது என்பதுதான் என் அனுபவம். தமிழ்நாட்டு வீடுகளிலும் அயோடின் தூள் உப்பைத்தான் பலர் போடுகிறார்கள், மாவு பொங்குகிறது.

ஒன்று கேட்கிறேன். உப்பை மாற்றியபோது வேறு எதையாவது மாற்றினீர்களா?

மஸ்கட் சமையல்

உப்பை மாற்றிய அதே நேரத்தில் மாவுப் பாத்திரத்தையும் ஏ.சி. அறையில் இருந்து பால்கனிப் பக்கம் வைத்தேன் என்பது உண்மை. ஆனாலும் கல் உப்பில் சுவையும் நன்றாக இருக்கிறது, நான் அதை விடமாட்டேன்.

நெல்லை அடுக்களை

மஸ்கட் அண்ணா, நீங்கள் சொன்ன ஏ.சி. எனக்குப் பெரிய உதவி. வளைகுடாவில் இருந்து வரும் "பொங்கலை" கமெண்ட் எனக்குப் புரியாமலே இருந்தது. வெளியே 40 டிகிரி, மாவு ஏன் பொங்கவில்லை என்று யோசிப்பேன். வீடு முழுக்க ஏ.சி. ஓடினால் அடுக்களை 22 டிகிரிதான்.

யாழ் அடுப்படி

வணக்கம் அக்கா. நாங்கள் பாரிஸில இருக்கிறம். எங்கட வீட்டில மாவு புளிக்கிறது ஒரு பிரச்சினையே இல்லை. உளுந்தோட கொஞ்சம் அவிச்ச கோதுமை மாவும் சேர்த்துக் குழைச்சு வைப்பம். விடிய வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம் தாளிச்சுக் கொட்டி, மஞ்சள் சேர்த்துத் தோசை சுடுவம். நீங்கள் ஏன் யாழ்ப்பாணத் தோசை போடக்கூடாது? உங்கட சேனலைப் பார்க்கிற எங்கட ஆக்கள் கனபேர் இருக்கினம்.

இன்னொரு விசயம். நீங்கள் "மிளகாய்த்தூள் ரெண்டு கரண்டி" எண்டு சொல்லேக்க எங்கட வீட்டில இருக்கிறது மல்லி, சீரகம், மிளகு எல்லாம் வறுத்து அரைச்ச கறித்தூள். அதைப் போட்டால் உங்கட புளிக்குழம்பு வேற குழம்பாய் வருது. தனி மிளகாயோ, கலந்த தூளோ எண்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நெல்லை அடுக்களை

யாழ் தங்கைக்கு நன்றி. தோசையை எனக்குத் தெரிந்ததுபோல் நானே செய்து காட்டுவதைவிட, உங்களைப் போல் ஒருவர் செய்ய நான் கேட்டுப் படமாக்குவதுதான் நியாயம். மிளகாய்த்தூளை இனிமேல் பொட்டலத்தோடு எடுத்துக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

மற்றவர்களுக்கு: அளவு விஷயத்தில் எனக்கு உதவி வேண்டும். டம்ளரா, கப்பா, கிராமா?

பழைய டம்ளர்

கிராம் வேண்டாம்மா. எனக்கு வயசு அறுபத்தெட்டு. நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து. இதைக் கேட்ட உடனே கை தானே எடுத்துடும். தராசைப் பார்த்தா இது நம்ம சமையல் இல்லைன்னு ஒதுங்கிடுவாங்க. அளவு எந்த டம்ளரா இருந்தா என்ன, நாலுக்கு ஒண்ணு நாலுக்கு ஒண்ணுதானே?

கல்லுரல்

அம்மா சொல்வது இட்லி மாவுக்குச் சரி. விகிதம்தான் முக்கியம், பாத்திரம் எதுவானாலும் பரவாயில்லை. சிக்கல் மற்ற பொருட்களில் வருகிறது. அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. அரிசியை ஒருவர் குக்கர் கப்பில் நாலு எடுத்து, நீங்கள் சொன்ன உப்பையும் தண்ணீரையும் அப்படியே போட்டால் மாவு கரித்து, தண்ணீராக ஓடும். புளித்தும் எழும்பாத மாவுக்கு இது ஒரு காரணம்.

என் யோசனை, வாயால் டம்ளரில் சொல்லுங்கள், திரையின் கீழே கிராமில் எழுதுங்கள். இட்லி அரிசி 800 கிராம், தோல் நீக்கிய முழு உளுந்து 200 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, கல் உப்பு சுமார் 18 கிராம். கிரைண்டரில் உளுந்துக்குச் சுமார் 400 மில்லி தண்ணீர், ஒரே தடவையில் ஊற்றாமல் தெளித்துத் தெளித்து. அரிசிக்குச் சுமார் 500 மில்லி.

மிக்ஸியில் அரைப்பவர்களுக்கு இது அப்படியே ஒத்துவராது. வெளிநாட்டில் கிரைண்டர் இல்லாதவர்கள்தான் அதிகம். மிக்ஸியில் உளுந்து அவ்வளவு உபரி காணாது, அதனால் மூன்றுக்கு ஒன்று என்று எடுக்கலாம். தண்ணீரும் குறைவாகத்தான் பிடிக்கும். மிக்ஸி சூடேறுவதால் உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் விட்டு, நிறுத்தி நிறுத்தி அரைக்க வேண்டும். ஊட்டி அக்கா சொன்ன வெதுவெதுப்பான தண்ணீரை மிக்ஸிக்காரர்கள் உளுந்தில் விட வேண்டாம், அரிசி அரைக்கும்போது விடலாம்.

பழைய டம்ளர்

திரையில எழுதறதா இருந்தா எழுதிக்கட்டும். ஆனா தராசைக் காமிக்காதீங்க. நான் சொன்னது சொன்னதுதான்.

டொராண்டோ குளிர்

அம்மா, நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்காதீர்கள். எனக்கு அம்மா கையால் சொல்லித்தர ஆள் பக்கத்தில் இல்லை. தராசில் 800 என்று பார்த்தால்தான் எனக்குத் தைரியம். என் பெண்ணுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது, எண் தெரியும்.

இட்லி அரிசி கிடைக்காத ஊர்களுக்கும் ஒரு வரி சொல்லுங்கள். என் தங்கை இருக்கும் சின்ன ஊரில் பாஸ்மதியும் ஜாஸ்மின் அரிசியும்தான்.

கல்லுரல்

பாஸ்மதியில் இட்லி கெட்டியாக வரும். ஜாஸ்மின் பிசுபிசுக்கும். சூப்பர் மார்க்கெட்டில் புழுங்கல் வகை நீள அரிசி கிடைத்தால் அது இவை இரண்டையும்விட நல்லது. ஆன்லைனில் இட்லி ரவை வாங்க முடிந்தால் இரண்டு பங்கு ரவைக்கு ஒரு பங்கு உளுந்து. உளுந்தை மட்டும் அரைத்தால் போதும், மிக்ஸிக்காரர்களுக்கு அதுவே எளிது. உளுந்துப் பொட்டலத்தில் இருப்பது பொட்டலம் போட்ட தேதிதான், விளைந்த தேதி இல்லை. ஆகவே தேதியை நம்பாமல் அந்தத் துளிச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

எடிட்டிங் மேசை

சரி, நான் என் முதல் கருத்தை மாற்றிக்கொள்கிறேன், ஒரே வீடியோ போதும். ஆனால் அத்தியாயம் பிரிக்க வேண்டும். விளக்கப் பகுதியில் முதல் நேரம் 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று அத்தியாயம், ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குக் குறையாமல். இல்லாவிட்டால் யூடியூப் எடுத்துக்கொள்ளாது.

படம் எடுப்பதிலும் ஒரு விஷயம். உங்கள் பழைய வீடியோவில் மாவு சாம்பல் நிறமாகத் தெரிகிறது. வெள்ளை மாவு, பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரம், கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. அடர் நிறப் பாத்திரத்தில் மாவை மாற்றி, எக்ஸ்போஷரை லாக் செய்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுங்கள். அப்போதுதான் குமிழும் பதமும் தெரியும். மேலிருந்து விளக்கு அடித்தால் தட்டையாகத்தான் இருக்கும்.

யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் எங்கே நிற்கிறார், எங்கே போகிறார் என்ற கோடு இருக்கும். அதில் மேலே ஏறியிருக்கும் இடம், ஆட்கள் திரும்ப ஓட்டிப் பார்த்த இடம். உங்கள் வீடியோவில் உளுந்து பதத்தில் அப்படி இருந்தால், அங்கே இசையை நிறுத்திவிட்டு இன்னும் சில விநாடி நிறுத்திக் காட்டுங்கள்.

நெல்லை அடுக்களை

இப்போதுதான் பார்த்தேன். ஏறியிருப்பது இரண்டு இடம். ஒன்று உளுந்து பதம், இன்னொன்று நான் உப்பு அளவு சொல்லும் இடம். அந்த இடத்தில் மிக்ஸி சத்தம் குறுக்கே வருகிறது.

இப்படித் திட்டம் போட்டிருக்கிறேன், பாருங்கள்:

```
0:00 பொங்கிய மாவு எப்படி இருக்கும்
0:40 அரிசி, உளுந்து, அளவு
2:10 கிரைண்டரில் அரைப்பது
4:00 மிக்ஸியில் அரைப்பது
5:45 தண்ணீரில் துளிச் சோதனை
6:15 சூடான வீட்டில் வைப்பது
7:00 குளிரான வீட்டில், ஏ.சி. வீட்டில் வைப்பது
8:30 புளித்தும் எழும்பவில்லை என்றால்
```

மேலே பின் செய்து வைக்கும் கமெண்டில் மூன்று கேள்வி: உங்கள் அடுக்களையில் எத்தனை டிகிரி, மிக்ஸியா கிரைண்டரா, துளி மிதந்ததா. இதற்கு விடை எழுதிக் கேட்டால் நானும் சரியாகச் சொல்ல முடியும், மற்றவர்களும் வாசித்துத் தெரிந்துகொள்வார்கள். ஆங்கில சப்டைட்டிலை நானே தட்டச்சு செய்து போடுகிறேன்.

எடிட்டிங் மேசை

நல்லது அக்கா. வீடியோவை ஒருமுறை ஏற்றிவிட்டால் அதே இணைப்பில் வேறு கோப்பை மாற்ற முடியாது, வெட்டத்தான் முடியும். சப்டைட்டிலையும் விளக்கத்தையும் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். ஆகவே மாறக்கூடியதை, அதாவது எந்தக் கடையில் எந்த அரிசி என்பது போன்றவற்றை, வாயால் சொல்லாமல் விளக்கத்தில் எழுதுங்கள்.

மெல்போர்ன் தோட்டம்

ஒரே ஒரு விண்ணப்பம். பல சேனல்களில் ஜனவரியில் "குளிர்காலத்தில் மாவு பொங்க" என்று வீடியோ போடுகிறார்கள். அப்போது எங்களுக்கு வெயில் கொளுத்தும், மாவு வழியும். ஜூலையில் நாங்கள் நடுங்கும்போது யாரும் போடுவதில்லை. மாதத்தைச் சொல்லாமல் டிகிரியைச் சொன்னால் எங்களுக்கும் உதவும்.

நெல்லை அடுக்களை

அப்படியே செய்கிறேன். திரையில் ஒரு ஓரத்தில் அன்றைய அடுக்களைச் சூட்டைத் தெர்மாமீட்டரோடு காட்டுகிறேன். எங்கள் ஊரில் இப்போது 31 இருக்கிறது. 20 டிகிரியில் மாவு ஏறுவதைப் படம் பிடிக்க எனக்கு வழியில்லை. ஊட்டி அக்காவோ டொராண்டோ தங்கையோ ரப்பர் பேண்ட் போட்ட பாத்திரத்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போனில் படம் எடுத்து அனுப்ப முடியுமா? உங்கள் பேரைச் சொல்லியே போடுகிறேன்.

ஊட்டி மலை

அனுப்பறேன். ஆனா எங்கிட்ட கண்ணாடிப் பாத்திரம் இல்லை, எவர்சில்வர்தான். உள்ள மட்டம் தெரியாதே, பரவாயில்லையா?

டொராண்டோ குளிர்

என்னிடம் நாலு லிட்டர் கண்ணாடி ஜாடி இருக்கிறது. சனிக்கிழமை அரைப்பேன். உப்பு முன்னாலேயே போட்டு ஒன்று, போடாமல் ஒன்று என்று இரண்டு ஜாடி வைக்கிறேன், மஸ்கட் அண்ணனுக்காக அயோடின் உப்பிலேயே.

மஸ்கட் சமையல்

மூன்றாவதாகக் கல் உப்பில் ஒரு ஜாடியும் வையுங்கள் தங்கச்சி. மூன்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.